நூறு ரூபாய்க்கு யாருடைய நேரம்?

செமஸ்டர் முடிந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். வழக்கம்போல சினிமாவோ கிரிக்கெட்டோ இல்லை. இந்த முறை கோயில் வரிசை. சிரிக்காமல் படியுங்கள், நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். பி.காம் மூன்று வருடம் படித்ததற்கு இதிலாவது பிரயோஜனம் இருக்கட்டுமே என்றுதான் :-)

போன கிருத்திகைக்கு அம்மாயியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கொங்குப் பக்கத்து மலைக்கோயில் ஒன்றுக்குப் போனேன். எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது அந்த ஒரு கோயிலைப் பற்றியும் அல்ல. அம்மாயிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் தகராறு. காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் போய் இறங்கும்போதே பொது வரிசை வளைந்து வளைந்து மண்டபத்தைத் தாண்டி நின்றது. மைக்கில் ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விரைவாகத் தரிசனம் செய்ய விரும்பும் பக்தர்கள் நூறு ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டு பெற்றுக்கொள்ளலாம், பொது தரிசனத்தில் வரும் பக்தர்களுக்கு எவ்வித இடையூறும் இல்லாமல் தரிசனம் செய்து வைக்கப்படும் என்று.

அம்மாயியின் முட்டியை நினைத்து இரண்டு சீட்டு வாங்கினேன். இருபது நிமிஷத்தில் சன்னதி வாசலுக்கு வந்துவிட்டோம். அங்கே இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் ஒருவர் கயிறு பிடித்து நிற்கிறார். எங்கள் பக்கம் கயிற்றை இறக்கினார், நாங்கள் போனோம். அந்தப் பக்கம் கயிறு மேலேயே இருந்தது. கயிற்றுக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அம்மாயி அவளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள நமக்கு முந்துன பஸ்சுல வந்தவ. நாம எறங்கயில படிகிட்ட நின்னு பூ வாங்கீட்டிருந்தா."

சாமி கும்பிட்டு வெளியே வந்து, வெளிப் பிரகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தோம். அந்தப் பெண் வெளியே வரும்போது மேலும் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது. அம்மாயி ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டார். "நாம குடுத்த நூறு ரூவா சாமிக்குப் போச்சு, செரி. அந்தப் புள்ளயோட நேரம் ஆருக்குப் போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

சன்னதி வாசல் ஒன்றுதான். ஒரு நிமிஷத்துக்கு இத்தனை பேர்தான் அதைக் கடக்க முடியும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் வாசல் அகலமாகாது. அதனால் கட்டண வரிசை புதிதாக ஒரு தரிசனத்தைக்கூட உண்டாக்குவதில்லை. இருக்கிற தரிசனங்களில் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை மட்டும்தான் மாற்றுகிறது. இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்வாதம் வரும். காசு கொடுத்தவர்கள் வேறு வரிசைக்குப் போய்விடுவதால் பொது வரிசையின் நீளம் குறைகிறதே, அது ஏழைகளுக்கு நல்லதுதானே என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

சுலபமாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை எந்தக் கோயிலின் எண்களும் அல்ல, கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வாசலில் நிமிஷத்துக்கு 40 பேர் கடக்கிறார்கள். காலையில் 6,000 பேர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வரிசை என்றால் 6,000 பேரும் முடிய 150 நிமிஷம் ஆகும். முதல் ஆள் உடனே போவார், கடைசி ஆள் இரண்டரை மணி நேரம் நிற்பார், சராசரியாக ஒருவர் 75 நிமிஷம்.

இப்போது அந்த 6,000 பேரில் 1,000 பேர் சீட்டு வாங்கிக் கட்டண வரிசைக்குப் போகிறார்கள். கயிற்றுக்காரர் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நியாயமாகவே விடுகிறார். நிமிஷத்துக்கு 20 பேர் கட்டணத்தில், 20 பேர் பொதுவில். கட்டணக்காரர்கள் 1,000 பேரும் 50 நிமிஷத்தில் முடிந்துவிடுவார்கள், அவர்களுடைய சராசரி 25 நிமிஷம். அந்த 50 நிமிஷத்தில் பொது வரிசையிலும் 1,000 பேர் முடிந்திருப்பார்கள். மிச்சம் 4,000 பேர். அதற்குப் பிறகு முழு வாசலும் அவர்களுக்குத்தான், இன்னும் 100 நிமிஷத்தில் முடிவார்கள். பொது வரிசையின் சராசரியைப் போட்டால் 85 நிமிஷம் வருகிறது.

கட்டணக்காரர் 1,000 பேருக்கு ஆளுக்கு 50 நிமிஷம் மிச்சம். மொத்தம் 50,000 நிமிஷம். பொது வரிசைக்காரர் 5,000 பேருக்கு ஆளுக்கு 10 நிமிஷம் நஷ்டம். மொத்தம் அதே 50,000 நிமிஷம். ஒரு பைசா பிசகவில்லை! முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த இரட்டைப் பதிவு முறைதான் இது. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். அம்மாயி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தப் பெண்ணின் நேரம் எங்களுக்குத்தான் வந்தது. நாங்கள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிஷமும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற யாரோ ஒருவர் கணக்கிலிருந்து எடுத்தது.

பொது வரிசை குட்டையாவது உண்மைதான். ஆனால் குறைந்த அந்த 1,000 பேர் மறைந்துபோகவில்லை, பெரும்பாலும் முன்னால் போய் நிற்கிறார்கள். இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. இந்தக் கணக்கில் கடைசி ஆளுக்கு நஷ்டமே இல்லை. அவர் இரண்டு முறையிலும் 150 நிமிஷம்தான் நிற்கிறார். அதிகம் இழப்பவர் பொது வரிசையில் ஆயிரமாவது ஆள். ஒரே வரிசையாக இருந்தால் 30 நிமிஷத்தில் போயிருப்பார், இப்போது 50 நிமிஷம். அதாவது முதல் பஸ் பிடித்து, விடியலில் வந்து நின்றவர்தான் அதிகம் கொடுக்கிறார். சீக்கிரம் வந்ததற்குக் கிடைக்கவேண்டிய பலன் டிக்கெட் கவுண்டரில் விற்கப்பட்டுவிட்டது.

சரி, அதற்காகக் கட்டண வரிசையே கூடாது என்று சொல்லப் போகிறேனா? இல்லை. கணக்கின் அடுத்த பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1,000 சீட்டு, நூறு ரூபாய் வீதம் ஒரு லட்ச ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்கு விற்றது 50,000 நிமிஷம், ஆக நிமிஷத்துக்கு இரண்டு ரூபாய். பொது வரிசைக்காரர் ஒவ்வொருவரும் 10 நிமிஷம் கொடுத்திருக்கிறார், கோயில் அவருக்கு இருபது ரூபாய் கடன்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருபது ரூபாய் நிழலாக, தண்ணீராக, கழிப்பறையாக, ஒரு வேளைச் சாப்பாடாக அவரிடம் திரும்பிப் போகிறதா? போனால் அது ஒரு நேர்மையான பரிமாற்றம். போகாவிட்டால் அவரிடம் கேட்காமல் எடுத்தது.

இந்த இடத்தில் திருப்பதியைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கோயம்புத்தூர்க்காரர்கள் அடிக்கடி போகிற கோயில் என்பதால் பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் இருக்கிறது. ஆனால் அது இஷ்டத்துக்கு விற்கப்படுவதில்லை. நாளுக்கு, நேரத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வகுத்து முன்கூட்டியே இணையத்தில் விடுகிறார்கள், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்த உச்சவரம்பு ஏன் முக்கியம் என்று என் கணக்கிலேயே பார்க்கலாம். சீட்டுக்கு வரம்பே இல்லாமல் நாள் முழுக்க விற்றுக்கொண்டிருந்தால், 1,000 பேர் முடிந்த பிறகும் கட்டண வரிசை காலியாகாது. பொது வரிசைக்கு முழு வாசல் கிடைக்கவே கிடைக்காது. அந்த 5,000 பேர் நிமிஷத்துக்கு 20 பேராகவே நகர்ந்து, கடைசி ஆள் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்பார். டிக்கெட் விலை அதே நூறு ரூபாய்தான், கயிற்றுக்காரரும் அதே நியாயமான மனிதர்தான். வரம்பு இல்லாததே அத்தனையையும் கெடுத்துவிடுகிறது.

திருப்பதியில் இரண்டாவது விஷயம், காசில்லாதவருக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது. மலைக்குக் கீழே சீனிவாசம், விஷ்ணு நிவாசம், பூதேவி வளாகம் போன்ற இடங்களில் இலவசமாக சர்வ தரிசன டோக்கன் கொடுக்கிறார்கள். அதில் இந்த நேரத்துக்கு வா என்று போட்டிருக்கும். தரிசனம் என்னவோ பல மணி நேரம் கழித்துத்தான். ஆனால் அதுவரை வரிசையில் நிற்க வேண்டாம், குளிக்கலாம், தூங்கலாம், குழந்தைக்கு ஊட்டலாம். டோக்கன் கிடைக்காதவர்கள் வைகுண்டம் வளாகத்தின் அறைகளில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள், அங்கேயே சாப்பாடும் பாலும் வருகிறது. டோக்கன் இல்லாதவர்களுக்கு இன்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் தேவஸ்தானம் தினமும் வெளியிடுகிறது. காத்திருப்பைக் குறைக்க முடியாவிட்டாலும், அதன் வலியைக் குறைக்க முடியும் என்பதற்கு இது உதாரணம். சபரிமலை இன்னும் ஒரு படி மேலே. 2011ல் கேரள காவல்துறை அங்கே தொடங்கிய இணைய வழி வரிசை முன்பதிவுக்குக் கட்டணமே கிடையாது. நேரத்தைப் பிரித்துக் கொடுக்கக் காசு வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, உள்ளே போனபின் வித்தியாசம் இல்லாதது. திருமலையில் 300 ரூபாய்க்காரரும் இலவசக்காரரும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். முந்நூறு ரூபாய் நேரத்தை வாங்குகிறது, பெருமாளுக்குப் பக்கத்தில் போவதை அல்ல. 2020லிருந்து தரிசனம் முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு இலவசம், அதிலும் சீட்டு பார்ப்பதில்லை. அங்கேயும் எல்லாம் சமம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கிற பிரேக் தரிசனம் தனியாக இருக்கிறது, பெரிய தொகை நன்கொடை கொடுத்தால் அதற்கு வழியும் இருக்கிறது. 300 ரூபாய் சீட்டும் இணையம் தெரிந்தவர்களுக்கே முதலில் கிடைக்கிறது. முந்நூறு ரூபாய் கையில் இருந்தும் செல்போனில் பதியத் தெரியாதவர் இலவச வரிசைக்குத்தான் போகவேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பழனியில் தைப்பூசத்துக்குக் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், ஈரோடு என்று கொங்கு நாடே நடந்து போகிறது. 2025 தைப்பூசத்தின்போது மூன்று நாட்களுக்குக் கட்டண தரிசனம் கிடையாது என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே தரிசனம். வருமானம் மட்டுமே நோக்கம் என்றால் அந்த மூன்று நாளில்தான் அதிகம் விற்றிருக்கும். ஆனால் கணக்குப்படி கட்டண வரிசை அதிகம் கெடுதல் செய்யும் நாளும் அதுதான். வாசல் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காத நாளில்தான் முந்திப் போகிற ஒவ்வொருவரின் பாரமும் முழுசாகப் பின்னால் நிற்பவர் தலையில் விழும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் சீட்டு விற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு யார் வாங்கப் போகிறார்கள்! பழனியில் நாள் முழுவதும் நடக்கிற அன்னதானமும், 2021லிருந்து அறநிலையத் துறை கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்றானதும் நான் சொன்ன அந்த 'இருபது ரூபாய் கடன்' திரும்பிப் போகிற வழிகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, அடுத்த கிருத்திகைக்கு நான் மட்டும் அதே கோயிலுக்குப் போனேன். இந்த முறை பொது வரிசை. கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்று, பத்து நிமிஷம் தலைகளை எண்ணினேன். கட்டணத்தில் 130 பேர், பொதுவில் 55 பேர். ஒன்றுக்கு ஒன்று அல்ல, ஒன்றுக்கு இரண்டுக்கும் மேல். கயிறு பிடித்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானே பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்ணா, ரெண்டு பக்கமும் இத்தனை பேருன்னு ஏதாச்சும் கணக்கு சொல்லியிருக்காங்களா?"

"கணக்கெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. டிக்கெட் வாங்குனவங்க கையில சீட்டு இருக்குது. அஞ்சு நிமிசம் லேட்டானா அதத் தூக்கிக் காமிச்சு சத்தம் போடுவாங்க. சும்மா வர்றவங்க பாவம், என்னத்தக் காமிச்சு சத்தம் போடுவாங்க?"

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நியாயம் கெடுவது எங்கே என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். காசு கொடுத்தவருக்குக் கையில் ஒரு வாக்குறுதி இருக்கிறது, கொடுக்காதவருக்கு இல்லை. கயிறு தானாகவே சத்தம் வருகிற பக்கம் சாயும். மைக் அறிவிப்பில் 'இடையூறு இல்லாமல்' என்று சொன்னால் போதாது. முதலில் அது உண்மையில்லை, இடையூறு நிச்சயம் உண்டு, அதை நோட்டில் போட்டுக் காட்டிவிட்டேன். இரண்டாவது, எண் இல்லாத வாக்குறுதியை யாரும் கேட்டு வாங்க முடியாது.

அம்மாயி விஷயத்தையும் யோசித்தேன். அவருக்கு வேண்டியிருந்தது சலுகை அல்ல, உட்கார ஓர் இடம். முட்டி வலிக்கு நான் நூறு ரூபாய் கட்டியதற்குக் காரணம், அங்கே வலியைக் காட்டி நுழைகிற வழி எதுவும் இல்லாததுதான். திருமலையில் 65 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக இலவச ஒதுக்கீடு இருக்கிறது. வயதானவரும் கைக்குழந்தைக்காரியும் முந்திப் போனால் பின்னால் நிற்பவர்கள் நிமிஷம் குறைவது அதே கணக்குதான், ஆனால் யாருக்கும் மனசு வலிக்காது. அந்தப் பெண்ணுக்கும் அம்மாயிக்கும் ஒரே கயிறு இறங்கியிருக்கவேண்டும்.

அதனால் அந்த அறிவிப்பை நானே திருத்தி எழுதிப் பார்த்தேன். இப்படி:

"பக்தர்கள் கவனத்துக்கு. பொது தரிசனத்துக்குக் கட்டணம் இல்லை, நடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் அது நடக்கும். விரைவு தரிசனச் சீட்டு நூறு ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சீட்டு மட்டுமே விற்கப்படும். சன்னதி வாசலில் கட்டண வரிசையில் ஒருவரை விட்டால் பொது வரிசையில் ஒருவர் விடப்படுவார். முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வருவோர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சீட்டு தேவையில்லை. திருவிழா நாட்களில் சீட்டு விற்பனை இல்லை. பொது வரிசையில் இப்போது காத்திருக்கும் நேரம் பலகையில் எழுதப்பட்டுள்ளது. சீட்டு விற்ற பணம் இந்த மாதம் எதற்குச் செலவானது என்பதும் அதே பலகையில் உள்ளது."

'இத்தனை' என்ற இடத்தில் ஓர் எண் வந்துவிட்டால் போதும், பொது வரிசையில் நிற்பவர் கையிலும் தூக்கிக் காட்ட ஒரு சீட்டு வந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று என்பதும்கூடக் கட்டணக்காரருக்குச் சாதகமானதுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் அதுவாவது எண்ணிப் பார்க்கக்கூடியது. பத்து நிமிஷமும் பத்து விரலும் போதும்.

இதை அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரி கண்ணு, அந்தத் திருப்பிக் குடுக்கறதுல மொதல்ல ஒரு பெஞ்சு போடச் சொல்லு" என்றார். அதை அறிவிப்பில் சேர்க்க மறந்துவிட்டேன். மனுவாக எழுதி அந்தக் கோயில் அலுவலகப் பெட்டியில் போடப் போகிறேன், பெஞ்சையும் சேர்த்து. நீங்கள் போகிற கோயிலில் கயிறு எந்தப் பக்கம் அதிகம் இறங்குகிறது என்று ஒரு பத்து நிமிஷம் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்களேன்.